அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது? சிறிய தொழிற்சாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மோனியா குளிரூட்டும் இயந்திரம் வைத்திருக்கும் சின்னத் தொழிற்சாலைகளுக்கு அவசரகாலத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால். வேறு ரசாயனம் வைத்திருப்பவர்களுக்கும் அலாரம், பொறுப்புகள், தகவல் வரிசை ஆகியவை பொருந்தும். அளவுகளும் முதலுதவியும் மட்டும் அந்தந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பார்த்து மாற வேண்டும்.

எங்க கம்பெனியில மொத்தமே இருபது பேர். இதுக்கெல்லாம் ஒரு திட்டம் எழுதி வைக்கணுமா?

எத்தனை பேர் என்பதை விட, எத்தனை கிலோ என்று பாருங்கள். திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் குழாயை விட்டு வெளியே வந்ததும் ஆவியாகிவிடும். ஒரு கிலோ திரவம் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 1.4 கன மீட்டர் வாயு ஆகும். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஒரு கொட்டகையில் இந்த ஒரு கிலோ சீராகக் கலந்தால் அளவு 300 பிபிஎம்மை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கைத் தொட்டுவிடும். தகுந்த சுவாசக் கருவி இல்லாமல் அந்தக் காற்றில் யாரும் நிற்கக் கூடாது என்பதற்கான எல்லை அது.

இத்தனைக்கும் காரணம் ஒரு கிலோதான். சின்ன இயந்திரத்தில் கூட அதைப்போலப் பல மடங்கு அம்மோனியா ஓடிக்கொண்டிருக்கும். ஆள் குறைவு என்பதால் உங்கள் திட்டம் ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என்பது மட்டும்தான் வசதி.

கம்ப்ரசர் ரூமில் எப்பவுமே லேசா வாசனை இருக்கும். வாசனை வந்தாலே சைரன் அடிக்கணுமா?

வேண்டாம். பலருக்கு 5 பிபிஎம் அளவிலேயே அம்மோனியா மூக்கில் ஏறிவிடும். அதற்கெல்லாம் சைரன் அடித்தால் ஒரு மாதத்தில் யாரும் சைரனை மதிக்க மாட்டார்கள். ஆனால் "எப்பவும் இருக்கும் வாசனைதான்" என்று விட்டுவிடுவதும் தவறு. அந்த வாசனை ஏதோ ஒரு வால்வின் கிளாண்டிலிருந்தோ கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீலிலிருந்தோ வருகிறது. ஃபினால்ப்தலீன் தாளைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் காட்டுங்கள். கசிகிற இடத்தில் தாள் இளஞ்சிவப்பாகிவிடும். அன்றைக்கே சரி செய்யுங்கள்.

நான் இரண்டே படிகள்தான் வைக்கச் சொல்வேன். கண்டறியும் கருவி 25 பிபிஎம் காட்டினால் முதல் படி: கம்ப்ரசர் அறையில் விளக்கு எரியும், ஆபரேட்டர் வெளியே வந்து சூப்பர்வைசரிடம் சொல்வார், வேலையில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. 150 பிபிஎம் வந்தால் இரண்டாம் படி: சைரன், எல்லோரும் வெளியே. கருவி இல்லாத இடத்திலும், கருவி வேலை செய்யாத நேரத்திலும் உடம்பே சொல்லிவிடும். கண் எரிந்து நீர் வடிகிறது, இருமல் வருகிறது, வெள்ளைப் புகை மாதிரி தெரிகிறது, சீறும் சத்தம் கேட்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேராக இரண்டாம் படிதான்.

மூக்கை மட்டும் நம்பாதீர்கள். தொடர்ந்து அதே வாசனையில் இருப்பவருக்கு அது பழகிவிடும். "இப்போ குறைஞ்சிடுச்சு" என்று உள்ளே நிற்பவர் சொன்னால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சைரன் பட்டனை யார் அழுத்தலாம்? சூப்பர்வைசரைக் கேட்க வேண்டாமா?

யார் முதலில் பார்க்கிறாரோ அவர். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும், லோடு இறக்க வந்த டிரைவரும் அதில் அடக்கம். யாரையும் கேட்கத் தேவையில்லை என்று பட்டனுக்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள். தவறாக அடித்துவிட்டாலும் திட்டு கிடையாது என்பதை முதலாளி எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒருவரைத் திட்டிவிட்டால் அடுத்த முறை எல்லோருமே தயங்குவார்கள்.

சைரனை நிறுத்தும் அதிகாரம் மட்டும் ஒரே ஒருவருக்கு. 1984 டிசம்பரில் போபாலில் வெளியே இருந்த மக்களுக்கான சைரன் சிறிது நேரம் ஒலித்துவிட்டு நிறுத்தப்பட்டது. ஆலைக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து தெரிந்திருந்தது, சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் பதறிவிடும் என்ற தயக்கம் இன்றும் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதனால்தான் நிறுத்துவதற்கான விதியைத் திட்டத்தில் தனியாக எழுதச் சொல்கிறேன்.

தீ அலாரம் ஏற்கெனவே இருக்கு. அதையே இதுக்கும் வெச்சுக்கலாமா?

ஒலி வேறாக இருக்க வேண்டும். தீ என்றால் பக்கத்திலுள்ள வாசல் வழியாக வெளியேறினால் போதும். வாயுக் கசிவு என்றால் காற்றைப் பார்த்துத்தான் வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணி என்றால் ஆட்கள் பழக்கத்தில் கிட்டத்து வாசலுக்கே ஓடுவார்கள். தீக்கு விட்டு விட்டு, கசிவுக்கு ஏறி இறங்கும் ஒலி என்று வைத்துக்கொள்ளலாம். எதை வைத்தாலும் வேலைக்குச் சேரும் நாளிலேயே இரண்டையும் போட்டுக் காட்டிவிடுங்கள்.

பட்டன் இருக்கும் இடம் முக்கியம். கம்ப்ரசர் அறைக்கு உள்ளே மட்டும் இருந்தால் கசிவு நடக்கும்போது அதை யாரும் தொட முடியாது. அறைக் கதவுக்கு வெளியே ஒன்று, கேட்டில் ஒன்று. மின்சாரம் போனாலும் ஒலிக்க பேட்டரி வேண்டும். சுற்றுச் சத்தத்தை விட 15 டெசிபலாவது கூடுதலாகக் கேட்க வேண்டும். கம்ப்ரசர் இரைச்சலில் அது எட்டாது என்றால் சுழலும் விளக்கும் சேர்த்துப் போடுங்கள். குளிரறைக்குள் விளக்கும் ஒலியும் தனியாகவே வேண்டும், ஏனென்று கீழே ஒரு உதாரணத்தில் வரும்.

சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்? எங்க அசெம்பிளி பாயிண்ட் மெயின் கேட் பக்கத்தில் இருக்கு.

காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கமாகப் போக வேண்டும். கசிந்த மேகம் காற்றோடு நீளமாகப் போகும், அகலம் குறைவு. குறுக்கே போனால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். காற்றோடு ஓடினால் மேகமும் கூடவே வரும்.

ஆகவே கூடும் இடம் ஒன்று போதாது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வையுங்கள், இரண்டுக்கும் போக வாசல் இருக்கட்டும். இரவில் பூட்டி வைக்கும் பின்வாசலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அல்லது உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றுங்கள். காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைக் கூரையில், எல்லா வாசலிலிருந்தும் தெரியும்படி கட்டி, ராத்திரியில் அதன்மேல் ஒரு விளக்கு விழும்படி செய்யுங்கள். பல இடங்களில் அது கிழிந்து கம்பத்தோடு சுற்றிக்கொண்டு ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அப்படி இருப்பதற்குப் பை இல்லாமலே இருக்கலாம்.

அம்மோனியா காற்றை விட இலேசுன்னு படிச்சிருக்கோம். மேலே போயிடும்தானே?

வாயுவாக மட்டும் கசிந்தால் பெரும்பாலும் மேலே போகும். காற்றின் எடையில் கிட்டத்தட்ட 0.6 பங்குதான் அது. ஆனால் திரவம் பீய்ச்சி அடிக்கும்போது நுண்துளிகளும் குளிர்ந்த காற்றும் ஈரமும் சேர்ந்து கனமான வெள்ளை மூட்டமாக மாறும். அது தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும், வடிகால் வழியாகப் பக்கத்துக் கட்டடம் வரை போகும். உங்கள் இயந்திரத்தில் திரவம் இருக்கும் பக்கம் உடைந்தால் நடப்பது இதுதான். தரையில் படுத்துத் தவழ்ந்து போகலாம் என்ற தீவிபத்து அறிவுரை இங்கே உதவாது.

ராத்திரி ஷிஃப்ட்டில் ஆறு பேர்தான். யாருக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறது?

பெரிய ஆலைகளின் திட்டத்தை நகல் எடுத்து, அதிலிருக்கும் பன்னிரண்டு பதவிகளையும் ஆறு பேருக்குப் பங்கு போடாதீர்கள். நான்கு வேலைகள் இருந்தால் போதும். முடிவெடுப்பவர்: வெளியே, காற்று வரும் பக்கம் நின்று எல்லாவற்றையும் தீர்மானிப்பார். நிறுத்துபவர்: வெளியே இருக்கும் அவசர நிறுத்தப் பட்டனை அழுத்துவார், பெரும்பாலும் இது ஆபரேட்டர். போன் பேசுபவர்: வேறெதுவும் செய்ய மாட்டார். ஆள் எண்ணுபவர்: பெயர்ப் பட்டியலோடு கூடும் இடத்தில் நிற்பார்.

இவற்றை ஆட்களின் பெயரில் எழுதாமல், இருக்கும் இடத்தின் பேரில் எழுதுங்கள். "கேட்டில் இருப்பவர் போன் பேசுவார்", "அந்த ஷிஃப்ட்டின் மூத்தவர் முடிவெடுப்பார்" என்று இருந்தால், லீவு எடுத்தாலும் ஆள் மாறினாலும் திட்டம் நிற்காது. மூத்தவரே கசிவில் மாட்டிக்கொண்டால் அடுத்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும். எண்ணுவதையும் முடிவெடுப்பதையும் ஒருவரே செய்யலாம், ஆனால் போன் பேசுபவரிடம் இரண்டாவது வேலை கொடுக்கவே கூடாது.

முதல்ல முதலாளிக்குச் சொல்லாம தீயணைப்புக்குப் போன் பண்ணினா கோபப்படுவாரே?

இந்தக் கேள்விக்காகத்தான் தகவல் வரிசையை எழுத்தில் வைத்து, அதன் கீழே முதலாளியிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன். வரிசை இது: முதலில் சைரன், அதற்குப் போன் தேவையில்லை. அடுத்து தீயணைப்பு நிலையம். அதற்கடுத்து ஆம்புலன்ஸ், யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் வரச் சொல்ல வேண்டும். பிறகு காற்று போகும் பக்கத்து அண்டை வீட்டுக்காரர்கள், பட்டறைகள். அப்புறம்தான் முதலாளி, மேலாளர், இயந்திரம் பராமரிப்பவர். சட்டப்படி சொல்ல வேண்டிய அரசு அலுவலகங்களுக்கு அவர் பேசுவார்.

முதலாளியை முதலில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எடுத்தால் "எங்கே, எவ்வளவு, நீ போய்ப் பார்" என்று கேள்வி வரும். அந்த நேரத்தில் வண்டி கிளம்பியிருக்கலாம். தவறாக அழைத்துவிட்டோம் என்றால் பிறகு போன் செய்து திருப்பி அனுப்பிவிடலாம், தாமதத்தைத் திருப்பித் தர முடியாது.

பேச வேண்டியதையும் ஒரு அட்டையில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள்: "இது இன்ன கம்பெனி, இன்ன முகவரி. அம்மோனியா கசிகிறது. இயந்திரத்தில் மொத்தம் இவ்வளவு கிலோ இருக்கிறது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. வடக்கு வாசல் வழியாக வாருங்கள். ஒருவரைக் காணவில்லை." காற்றும் வாசலும் அன்றைய நிலவரம், மீதி எல்லாம் அட்டையிலேயே அச்சாக இருக்க வேண்டும். பதட்டத்தில் சொந்த முகவரியே மறந்து போகும்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போயிடுமே?

போகும், ஆனால் பார்த்தார்களா என்று தெரியாது. யாரோ ஒருவர் பார்த்துச் செய்வார் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆள் எண்ணிய பிறகு, தீயணைப்புக்குப் பேசிய பிறகு, பகல் ஷிஃப்ட்காரர்கள் வர வேண்டாம் என்று சொல்லக் குழுவில் போடலாம். அதற்கு மட்டும்.

பக்கத்துக் கட்டடத்துக்குச் சொன்னா பயந்து போவாங்க. எப்போ, என்னன்னு சொல்றது?

இரண்டாம் படி வந்துவிட்டால் உடனே. சிறு கலன் அளவிலான அம்மோனியா கசிவுக்குத் தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் வழிகாட்டிக் கையேடு எல்லாப் பக்கமும் 30 மீட்டரைக் காலி செய்யச் சொல்கிறது. காற்று போகும் பக்கம் பகலில் 100 மீட்டர், இரவில் 200 மீட்டர் வரை மக்களைக் காக்கச் சொல்கிறது. இரவில் கூடுதல் ஏன் என்றால், அப்போது காற்று அசையாமல் இருக்கும், மேகம் சிதறாமல் தூரம் போகும். உங்கள் இடத்தின் வரைபடத்தில் இந்த வட்டங்களை இப்போதே வரைந்து, அதற்குள் வரும் கதவுகளின் தொலைபேசி எண்களை எடுத்து வையுங்கள்.

சொல்வது ஒரே வரி: "அம்மோனியா கசிகிறது, வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலை மூடுங்கள், ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் அணையுங்கள், நாங்களே திரும்பக் கூப்பிடுகிறோம்." மேகம் கடந்து போகும் அந்தச் சில நிமிடங்களுக்கு மூடிய கட்டடத்துக்குள் இருப்பது பெரும்பாலும் தெருவில் ஓடுவதை விட நல்லது. கசிவு நிற்காமல் நீண்டால் வெளியேற்றுவதைத் தீயணைப்பு அதிகாரி முடிவு செய்வார்.

ஆபரேட்டர் மாஸ்க் போட்டுக்கிட்டு உள்ளே போய் வால்வை மூடிடலாமா?

எந்த மாஸ்க் என்பதுதான் கேள்வி. சிறு இடங்களில் சுவரில் தொங்குவது வடிகட்டி டப்பா வைத்த முகமூடி. அது காற்றைச் சுத்தப்படுத்தும், காற்றை உண்டாக்காது. அளவு தெரியாத இடத்துக்கும் 300 பிபிஎம்முக்கு மேல் இருக்கும் இடத்துக்கும் அது பொருந்தாது. மூட்டம் நிற்கும் அறைக்குள் அளவு ஆயிரக்கணக்கில் போகும். அந்த முகமூடி தப்பித்து வெளியே வருவதற்குத்தான். டப்பாவின் காலாவதி தேதியையும் பாருங்கள், சீல் உடைத்துத் திறந்து வைத்த டப்பா தானாகவே வீணாகிக்கொண்டிருக்கும்.

உள்ளே போக முதுகில் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவியும், உடல் முழுதும் மூடும் ரசாயன உடையும் வேண்டும். இரண்டு பேர் போக வேண்டும், வெளியே இதே உடையில் இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும், நால்வரும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். இருபது பேர் உள்ள இடத்தில் இது நடக்கிற காரியமில்லை. அதனால் "எங்கள் ஆட்கள் உள்ளே போக மாட்டார்கள்" என்று திட்டத்தில் நேராகவே எழுதிவிடுங்கள்.

அதற்கு ஈடாக, வெளியிலிருந்தே மூடும் வசதிக்குச் செலவழியுங்கள். கதவுக்கு வெளியே ஒரு அவசர நிறுத்தப் பட்டன், அதை அழுத்தினால் கம்ப்ரசர் நிற்பதோடு, திரவ அம்மோனியா சேர்ந்திருக்கும் ரிசீவர் தொட்டியிலிருந்து வரும் குழாயின் தானியங்கி வால்வும் மூட வேண்டும்.

தண்ணியில அம்மோனியா கரையும்னு சொல்றாங்க. ஹோஸ் எடுத்து அடிச்சிடலாமா?

காற்றில் மிதக்கும் மூட்டத்தின்மேல், தூரத்திலிருந்து, மழைத் தூறல் போல அடிக்கலாம். நன்றாகக் கரையும். தரையில் தேங்கி நிற்கும் திரவத்தின்மேல் அடிக்கவே கூடாது. மைனஸ் 33 டிகிரியில் இருக்கும் திரவத்துக்குத் தண்ணீர் என்பது அடுப்பு. சூடேறி, தேங்கியிருந்தது எல்லாம் ஒரே மூச்சில் மேகமாக எழும்பும்.

அடித்த தண்ணீரும் காரமாகிவிடும், வடிகாலில் போனால் மீன் செத்து மிதக்கும். வடிகால் வாயை மணல் மூட்டையால் அடைக்க முன்கூட்டியே ஏற்பாடு இருக்கட்டும். மொத்தத்தில் ஹோஸைத் தீயணைப்பு வீரர்கள் கையில் விடுவது நல்லது.

கசிவு வந்ததும் மெயின் ஸ்விட்சை அணைச்சிடணும்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். சரியா?

பாதி சரி. அம்மோனியா காற்றில் ஏறத்தாழ 15 முதல் 28 சதவீதம் வரை இருந்தால் தீப்பொறியில் பற்றும். பிபிஎம்மில் சொன்னால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். திறந்த வெளியில் அந்த அளவு சேர்வது அரிது, மூடிய கம்ப்ரசர் அறையில் பெரிய கசிவு என்றால் சேரும். அது சேராமல் தடுப்பது எக்ஸாஸ்ட் ஃபேன். மெயின் ஸ்விட்சை அணைத்தால் ஃபேனும் நிற்கும், விளக்கும் போகும், சைரனும் பேட்டரியில் தொங்கும்.

எனவே ஃபேனுக்கும் அவசர விளக்குக்கும் தனி மின்பாதை வேண்டும். ஃபேன் தீப்பொறி தராத வகையாகவும், ஸ்விட்ச் அறைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் துண்டிக்கலாம். அறைக்குள் இருக்கும் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ உள்ளே கை நீட்ட வேண்டாம்.

உடம்பில் பட்டவருக்கு டாக்டர் வரும் வரை என்ன செய்றது?

தண்ணீர், நிறையத் தண்ணீர், குறைந்தது 15 நிமிடம். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், வலியில் அவர் இறுக மூடிக்கொள்வார். கண் கழுவும் குழாய் பத்து விநாடியில் எட்டும் தூரத்தில், படி ஏறாமல் போகும்படி இருக்க வேண்டும். திரவம் தெறித்து உடை தோலோடு உறைந்திருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றி இளக்கிய பிறகு கழற்றுங்கள். காரத்துக்கு அமிலம் என்று வினிகர் தடவும் யோசனை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை, அது வேண்டாம்.

மூச்சில் இழுத்தவர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். கூடப் போகிறவர் கையில் பாதுகாப்புத் தரவுத் தாளின் நகல் இருக்கட்டும்.

எல்லாம் படிச்சாச்சு. நிஜத்தில் எப்படி நடக்கும்னு நிமிஷக் கணக்கில் ஒரு உதாரணம் சொல்லுங்க.

ஒரு கற்பனை இரவை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர், மணி இரண்டு பத்து, காற்று மேற்கிலிருந்து. ஆபரேட்டர் இயந்திரத்தின் அடியில் தேங்கிய எண்ணெயை வடிக்கிறார். அம்மோனியா விபத்துகள் அடிக்கடி நடக்கும் வேலை இது. எண்ணெய் குளிரில் கெட்டியாகி வரவில்லை. வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கிறார், அப்போதும் வரவில்லை, இன்னும் திறக்கிறார். அடைப்பு திடீரென்று விலகி, எண்ணெய்க்குப் பின்னால் இருந்த திரவ அம்மோனியா பீய்ச்சுகிறது. வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது, அதன் பக்கம் கை கொண்டு போக முடியவில்லை. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

முதல் நிமிடம்: வெளியே ஓடி வந்தவர் கதவருகே நிறுத்தப் பட்டனையும் சைரன் பட்டனையும் அழுத்துகிறார். கம்ப்ரசர் நிற்கிறது, திரவக் குழாய் மூடுகிறது. ஆனால் எண்ணெய் வடித்த கலத்தில் ஏற்கெனவே இருந்தது தீரும் வரை கசியும். இரண்டாம் நிமிடம்: பேக்கிங்கில் இருந்த இருவர் வழக்கம்போல கிழக்கிலுள்ள மெயின் கேட்டை நோக்கித் திரும்புகிறார்கள். மூத்தவர் காற்றுப் பையைப் பார்த்துவிட்டு வடக்கு வாசலைக் காட்டுகிறார். அங்கே இறங்கி மேற்குப் பக்கம் இருக்கும் இரண்டாவது கூடும் இடத்துக்குப் போகிறார்கள். மெயின் கேட்டில் இருந்த காவலாளியும் போனையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வேலியோரமாகச் சுற்றி அங்கேயே வருகிறார். மூன்றாம் நிமிடம்: அட்டையைப் பார்த்துத் தீயணைப்புக்குப் பேசுகிறார். நான்காம் நிமிடம்: எண்ணினால் ஐந்து பேர். குளிரறை வாசலில் டோக்கன் பலகை இருக்கிறது, உள்ளே போகிறவர் தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். பேக்கிங் ஆட்கள் வரும் வழியில் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஒரு டோக்கன் தொங்கியது.

குளிரறைச் சுவர் கனத்த காப்புப் பலகை. வெளியே அலறும் சைரன் உள்ளே கேட்கவே கேட்காது, அதனால்தான் உள்ளே தனி ஒலியும் விளக்கும் கேட்டேன். இந்த உதாரணத்தில் அது இருக்கிறது. கூடவே உள்ளிருந்து பேசும் இன்டர்காம் ஒன்று, மறுமுனை மேற்கு வேலியில். மூத்தவர் பேசுகிறார்: "உள்ளே வாசனை இருக்கா?" இல்லை என்று பதில். "கதவைத் திறக்காதே, கோட்டை மாட்டிக்கிட்டு அங்கேயே இரு." கசிவு கம்ப்ரசர் அறையில், குளிரறை மூடியிருக்கிறது, நடுவில் இருக்கும் நடைபாதையில்தான் மூட்டம். ஆறாம் நிமிடத்தில் இரண்டாவது அழைப்பு: ஒருவர் குளிரறையில், பேசுகிறார், நலமாக இருக்கிறார். பிறகு ஆம்புலன்ஸ், கிழக்குப் பக்கத்து இரண்டு கட்டடங்கள், அப்புறம் முதலாளி. தீயணைப்பு வீரர்கள் சுவாசக் கருவியோடு வந்து மேற்குச் சுவரிலுள்ள அவசரக் கதவு வழியாக அவரை அழைத்து வருகிறார்கள்.

அந்த ஆறாவது ஆள் பதில் சொல்லாம இருந்தா? கண்ணெதிரே விட்டுட முடியுமா?

எல்லோரும் கேட்கும் கேள்விகளில் கடினமானது இதுதான். என் பதில் மாறாது: கருவி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வாயு விபத்துகளில் காப்பாற்றப் போனவரும் அங்கேயே விழுவது பழைய கதை. அப்போது தீயணைப்பு வீரர்கள் ஒருவருக்குப் பதில் இருவரைத் தேட வேண்டும்.

வெளியே நின்று செய்ய நிறைய இருக்கிறது. அவர் கடைசியாக எங்கே இருந்தார், எந்த வாசல் கிட்டே, என்ன நிற உடை என்று வண்டி வருவதற்குள் எழுதி வையுங்கள். கட்டடத்தின் வரைபடத்தைக் கேட்டில் ஒரு பெட்டியில் வைத்திருந்தால் அதில் குறி போடுங்கள். கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் மறக்காதீர்கள், காணாமல் போனவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். வெளியே பீடி பிடிக்கப் போனவரும் ஒருவர் இருப்பார், அவருக்குப் போன் அடித்துப் பாருங்கள்.

எப்போ திரும்ப உள்ளே போகலாம்? வாசனை போயிடுச்சுன்னா போதுமா?

போதாது, மூக்கைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். தீயணைப்பு அதிகாரி இடத்தை ஒப்படைத்த பிறகு, கையடக்கக் கருவியோடு ஒருவர் கதவிலிருந்து தொடங்கி உள்நோக்கி அளந்து போக வேண்டும். 25 பிபிஎம்முக்குக் கீழே எல்லா இடத்திலும் வந்திருக்க வேண்டும். பள்ளங்கள், கேபிள் குழிகள், தேங்கிய எண்ணெய் ஆகிய மூன்றையும் தனியாகப் பாருங்கள். வடித்த எண்ணெயில் கரைந்த அம்மோனியா மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பது முடிவெடுப்பவர் மட்டும். முன்பு அழைத்த அதே வரிசையில் அனைவருக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்காரர்களைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள், அவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கசிந்த வால்வைக் கழற்றி ஓரமாகப் போடாமல், படம் எடுத்து அப்படியே வையுங்கள்.

ஒத்திகை வருஷத்துக்கு ஒரு தடவை பண்றோம், எல்லாரும் வெளியே வந்து போட்டோ எடுத்துக்கிறோம். வேறென்ன பண்ணணும்?

பகல் பதினொரு மணிக்கு, முன்கூட்டியே சொல்லி, மேலாளர் நிற்கும்போது நடக்கும் ஒத்திகையில் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். ஒரு ஒத்திகையாவது ராத்திரி ஷிஃப்ட்டில் வையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, நிஜமாகவே அட்டையைப் பார்த்துப் பேச வையுங்கள். ஒரு வாசலை "இந்தப் பக்கம் மூட்டம்" என்று சிவப்புத் துணி கட்டி அடையுங்கள். ஒருவரை யாருக்கும் சொல்லாமல் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டு, ஆள் எண்ணுபவர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள்.

முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்: சைரனிலிருந்து முதல் போன் வரை எத்தனை நிமிடம், சைரனிலிருந்து முழு எண்ணிக்கை வரை எத்தனை நிமிடம். அடுத்த ஒத்திகையில் அந்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். அன்றைக்கே பழைய தொலைபேசிப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கள், வேலையை விட்டுப் போனவர் எண் ஒன்றாவது அதில் இருக்கும்.